கிரீன் கார்டு வரிசை சிலருக்கு மட்டும் ஏன் நகர்வதில்லை?

கேள்வி: இபி-2 எனும் வேலைவழி கிரீன் கார்டு பிரிவில் என் நிறுவனம் போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது. என்னோடு விண்ணப்பித்த பிரேசில்காரர் கிரீன் கார்டு வாங்கிவிட்டார். இந்தியாவில் பிறந்த எனக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?

காரணம் பிறந்த நாடு. அமெரிக்கச் சட்டப்படி எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. குடியுரிமை மாறினாலும் பிறந்த நாடுதான் கணக்கு.

இபி-2-க்கு ஆண்டுக்குச் சுமார் 40,000 இடங்கள். அதில் 7 சதவீதம் என்றால் ஏறக்குறைய 2,800. மனைவி, பிள்ளைகளும் இதிலேயே அடக்கம் என்பதால், உண்மையில் ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்கள்தான் நகரும். மற்ற நாடுகள் பயன்படுத்தாத இடங்கள் சில வருஷம் வந்து சேரும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதி, நிறுவனம் உங்களுக்காக பெர்ம் எனும் தொழிலாளர் சான்றிதழ் விண்ணப்பம் போட்ட நாள். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் உள்ள தேதி அதைத் தாண்டினால்தான் உங்கள் முறை. 2025 ஜூலையில் இந்திய இபி-2 தேதி 2013 ஜனவரி 1-இல் நின்றது. தேவை கூடினால் தேதி பின்னோக்கியும் போகும். குடும்பப் பிரிவிலும் இதே கதைதான்: அமெரிக்கக் குடிமக்களின் மெக்சிகோ உடன்பிறப்புகள் இருபது வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள்.

சரி, வழி உண்டா? உங்கள் மனைவி குவைத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்தவரா என்று பாருங்கள். அப்படியென்றால் அவர் பிறந்த நாட்டின் வரிசையில் நீங்களும் சேரலாம். பெற்றோர் இந்தியர்களாக இருந்தாலும் பரவாயில்லை. இதைப் பலர் வக்கீலிடம் கேட்பதே இல்லை. அப்புறம், வேலை மாறினால் புதிய நிறுவனம் மறுபடி பெர்மும் ஐ-140-ம் போட வேண்டும், ஆனால் பழைய தேதி பொதுவாக உங்களோடு வரும். பிள்ளைக்கு 21 வயது நெருங்கினால் இப்போதே வக்கீலைப் பாருங்கள்.