மறையும் மெசேஜில் பேசிய ஆர்டர்: பில் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் 7 நாளில் மெசேஜ் மறையும்படி வைத்திருக்கிறார். ஆர்டர் பேசியதெல்லாம் போய்விடுகிறது. பில்லும் டெலிவரி சலானும் கையில் இருக்கும்போது இதனால் உண்மையில் என்ன நஷ்டம்?

பில் நீங்கள் எழுதியது. சலான், சரக்கு போய்ச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லும். "இதைத்தான் கேட்டேன், இந்த ரேட்டுக்குச் சரி" என்று வாங்குபவர் சொன்ன இடம் சாட் மட்டுமே என்றால், அது போனபின் அவருடைய சம்மதத்தைக் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அதிலும் முதல் ஆர்டர் பெரும்பாலும் வாங்குபவர் தரும் கொள்முதல் ஆணையில், அதாவது பி.ஓ.வில் இருக்கும். பிறகு பேசி மாற்றியதுதான் காணாமல் போகும்.

நான் அட்டைப் பெட்டி தயாரிக்கும் யூனிட்டில் ஆர்டர் பிரிவைப் பார்க்கிறேன். எங்களிடம் நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

ஒரு கம்பெனி 2,000 பெட்டிக்கு மெயிலில் பி.ஓ. அனுப்பியது. 3 பிளை, உள்ளளவு 14 x 10 x 8 அங்குலம், 13-ம் தேதி டெலிவரி. 3-ம் தேதி சாட்டிலும் "ஓகே, ஆரம்பிங்க" என்று வந்தது. 5-ம் தேதி அவர்களுடைய கொள்முதல் மேலாளர் அந்தச் சாட்டில் 7 நாள் டைமரை ஆன் செய்தார். அதில் உள்நோக்கம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர்கள் கம்பெனியில் எல்லோருக்கும் அப்படி வைக்கச் சொல்லியிருந்தார்களாம்.

6-ம் தேதி காலை அவரிடமிருந்து மெசேஜ்: "சார், உள்ள வைக்கிற ஐட்டம் வெயிட் ஜாஸ்தி. 5 பிளையா மாத்திடுங்க. உள்ளளவு அதே." 5 பிளை என்றால் நெளி அட்டை ஒன்றுக்குப் பதில் இரண்டு அடுக்கு, பேப்பரும் அதற்கேற்ப கூடும். உள்ளளவு அதே என்றாலும் சுவர் தடிமனாவதால் வெளியளவு கொஞ்சம் பெரிதாகும், வெட்டும் அளவை மாற்ற வேண்டும். அதனால் புது ரேட்டையும், டெலிவரி 17-ம் தேதிக்குப் போகும் என்பதையும் எழுதி அனுப்பினோம். பதிலுக்கு ஒரு வாய்ஸ் நோட்: "சரி சார், பண்ணிடுங்க, 17 ஓகே." வேலை தொடங்கியது.

டைமர் ஆன் ஆனபின் அனுப்பிய மெசேஜ், அனுப்பிய நேரத்திலிருந்து கணக்கு வைத்து மறையும். படித்தாரா இல்லையா என்பது கணக்கில் வராது. ஆக 6-ம் தேதி பேசியது 13-ம் தேதி இரண்டு போனிலும் இல்லை. 17-ம் தேதி 5 பிளை பெட்டி போனது. 20-ம் தேதி அவர்களுடைய கணக்குப் பிரிவிலிருந்து போன்: "பி.ஓ.ல 3 பிளை. பில்லுல 5 பிளை. டெலிவரியும் 4 நாள் லேட். எந்த அடிப்படையில இந்த ரேட்?"

இந்த இடத்தில் சாட்டைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? டைமர் அதற்கு முன் வந்த மெசேஜைத் தொடாது. அதனால் 3-ம் தேதி "ஓகே, ஆரம்பிங்க" அப்படியே இருக்கிறது. அதன் கீழே டைமர் ஆன் ஆனதாக வாட்ஸ்அப் போட்ட வரி. அதற்குப் பிறகு 13-ம் தேதிக்கு முந்தையது எதுவும் இல்லை. பழைய ஒப்பந்தம் முழுசாக நிற்கிறது, அதை மாற்றிய பேச்சு மட்டும் இல்லை. எல்லாமே அழிந்திருந்தால்கூட இரு தரப்பும் ஒரே நிலையில் இருந்திருப்போம். மிச்சம் இருந்ததைப் படிப்பவருக்கு நாங்கள் சொன்ன பேச்சை மீறிவிட்டோம் என்றே தோன்றும். அந்தக் கணக்குப் பிரிவு அம்மா அந்தச் சாட்டில் இல்லை. அவர் முன்னால் இருப்பது பி.ஓ. மட்டும். அவர் கேட்டதில் தவறே இல்லை.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் 5 பிளை என்று தெரியும்தான். ஆனால் நாங்கள் 5 பிளை கொடுத்தோம் என்பதற்குத்தான் அது சாட்சி, அவர் கேட்டார் என்பதற்கு இல்லை. "நீங்களா அனுப்பினது" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது.

எங்களைக் கொஞ்சம் காப்பாற்றியது இரண்டு விஷயம். 6-ம் தேதி அந்த மெசேஜை எங்கள் தயாரிப்புக் குழுவுக்கு ஃபார்வர்டு செய்திருந்தோம். அந்தக் குழுவில் டைமர் இல்லாததால் அது மறையவில்லை. அன்றைக்கே ஜாப் கார்டிலும் 3 பிளையை அடித்து 5 என்று எழுதித் தேதி போட்டிருந்தார் சூப்பர்வைசர். ஆனால் ஃபார்வர்டு ஆன மெசேஜில் யார் முதலில் அனுப்பினார் என்றோ, அவர் அனுப்பிய நேரமோ இருக்காது. ஜாப் கார்டு நம் கையெழுத்து. மாற்றம் 6-ம் தேதியே வந்தது என்பது வரை இவற்றால் காட்ட முடிந்தது, அவர் வாயால் சொன்னதைக் காட்ட முடியவில்லை. கொள்முதல் மேலாளர் நினைவு வைத்து "ஆமா, நான்தான் சொன்னேன்" என்று அவர்களிடம் சொன்னதால் ரேட் வித்தியாசத்தில் பாதி வந்தது. அவர் வேறு வேலைக்குப் போயிருந்தால் அதுவும் வந்திருக்காது.

நஷ்டம் விற்பவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். "ஈரம் பட்ட 200 பெட்டியை அடுத்த லோடுல மாத்தித் தர்றோம்" என்று சப்ளையர் சொன்ன வாக்கும் இதே டைமரில்தான் போகும்.

இன்னொரு நஷ்டம், இதுவரை எப்படிப் பேசி ஆர்டர் முடித்தோம் என்ற பழக்கத்தின் சாட்சியும் போய்விடுவது. அது உடனே கண்ணுக்குத் தெரியாது, நீண்ட காலப் பழக்கம் உள்ள வாடிக்கையாளரிடம்தான் அது பெரிது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 2021 மார்ச்சில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம், ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு மெசேஜில் அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது. அவர் கட்டைவிரல் எமோஜி ஒன்றை மட்டும் அனுப்பினார். நவம்பரில் விதை வரவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது என்று சொல்லத்தான் கட்டைவிரல் போட்டேன், சம்மதித்து அல்ல என்றார். 2023-ல் நீதிமன்றம் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024-ல் மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. தீர்ப்பில் முக்கியமாக நின்றது எமோஜி மட்டும் இல்லை. முந்தைய ஒப்பந்தங்களுக்கும் அந்த விவசாயி இதே மாதிரி மெசேஜில் "ஓகே" போன்ற ஒரு சொல்லில் பதில் போட்டு, பிறகு ஒழுங்காகச் சரக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பழைய மெசேஜ்கள் இருந்ததால்தான் ஒரு கட்டைவிரலுக்கு அர்த்தம் கிடைத்தது. அங்கே 90 நாள் டைமர் இருந்திருந்தால் மார்ச் மாதப் பேச்சு நவம்பருக்கு வெகு முன்பே போயிருக்கும், பழைய பழக்கமும் சேர்ந்து போயிருக்கும். வாட்ஸ்அப் தரும் மிக நீண்ட டைமரே 90 நாள்தான். 90 நாள் என்று கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆர்டர் பேசி, செய்து, அனுப்பி, கடன் தவணை முடிந்து பணம் வரும் காலத்தோடு வைத்துப் பாருங்கள்.

இப்போது என்ன செய்யலாம் என்பது. இருவர் பேசும் சாட்டில் டைமரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். சாட்டின் மேலே பெயரைத் தொட்டு Disappearing messages-ஐத் திறந்து Off வைத்தால் அதற்குப் பிறகு வருபவை நிற்கும். டைமர் இருந்தபோது வந்தவை அதனதன் நேரத்தில் மறைந்துவிடும், அவற்றை இது காப்பாற்றாது. சொல்லாமல் ஆஃப் செய்யாதீர்கள். டைமரை மாற்றியதாக வாட்ஸ்அப் போடும் வரி அவருக்கும் தெரியும், மனஸ்தாபம் வரும். புது வாடிக்கையாளர் தன் போனில் Default message timer வைத்திருந்தால் அவர் தொடங்கும் சாட் முதல் நாளிலிருந்தே டைமரோடுதான் வரும். எனவே முதல் மெசேஜ் வந்ததும் மேலே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மெசேஜை அழுத்திப் பிடித்து Keep செய்யும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அதை நம்பி ஆர்டர் எடுக்க வேண்டாம் என்பேன். நீங்கள் கீப் செய்தது அனுப்பியவருக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்று எடுத்துவிட்டால் அதுவே இறுதி, நீங்கள் மறுபடி கீப் செய்ய முடியாது. தகராறு வரும் நாளில் உங்கள் சாட்சி அவர் விருப்பத்தில் தொங்கும். ஸ்கிரீன்ஷாட் இதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதில் தெரிவது நீங்கள் சேமித்த பெயர். மெசேஜோடு தேதியும் தெரியும்படி ஒன்று, அவருடைய நம்பர் தெரியும்படி ஒன்று என்று எடுங்கள். வாய்ஸ் நோட்டை ஸ்கிரீன்ஷாட்டில் பிடிக்க முடியாது. அதில் சொன்னதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

உண்மையில் வேலை செய்வது, மாற்றம் பேசிய அன்றைக்கே சாட்டுக்கு வெளியே அதை எழுதி அனுப்புவதுதான். கம்பெனிக் கொள்கை என்று டைமரை விடாதவர்களிடமும் இது நடக்கும், யாரும் மறுத்ததில்லை. நாங்கள் இப்போது அனுப்பும் மெயில் இவ்வளவுதான்:

"பி.ஓ.வில் மாற்றம். 3 பிளைக்குப் பதில் 5 பிளை. உள்ளளவு, எண்ணிக்கை அதே. புது ரேட் கீழே. டெலிவரி 13-க்குப் பதில் 17. இன்று காலை வாட்ஸ்அப்பில் நீங்கள் சொன்னபடி. நாளை மதியம் பேப்பர் வெட்டுகிறோம், அதற்குமுன் 'சரி' என்று பதில் போடுங்கள்."

இதில் பழையது என்ன, புதியது என்ன என்று இரண்டும் இருக்க வேண்டும். புதியதை மட்டும் எழுதினால் வேறு ஆர்டர் என்று வாதாட இடம் உண்டு. பதில் வராமல் வேலையைத் தொடங்க வேண்டாம், பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று பிறகு காட்டுவது கடினம். மெயிலில் அவர்களுடைய கணக்குப் பிரிவையும் சேருங்கள், பில்லை நிறுத்தப் போவது அவர்கள்தான். திருத்திய பி.ஓ. கிடைத்தால் இன்னும் நல்லது.

உங்கள் கேஸில் ஏற்கெனவே போய்விட்டது என்றால், அந்த மெசேஜை உங்கள் ஆட்கள் வேறு குழுவுக்கு ஃபார்வர்டு செய்தார்களா பாருங்கள். பிறகு அதே சாட்டில் யாராவது அதை மேற்கோள் காட்டிப் பதில் போட்டிருந்தால், அந்தப் பதில் மறையும்வரை மேற்கோள் வாசகம் அதற்குள் இருக்கலாம். கிடைத்ததை எல்லாம் இன்றைக்கே வெளியே எடுத்து வையுங்கள், பில் தேதி வரை காத்திருந்தால் அதுவும் இருக்காது.