வெண்ணெய் எந்தத் தொகுதி?

வணக்கம். இரண்டாம் வகுப்புக்கு உணவுத் தட்டு பாடம் எடுக்கிறேன். படங்களைத் தொகுதிவாரியாகப் பிரித்து ஒட்டச் சொன்னபோது பிள்ளைகள் சரியாகச் செய்தார்கள். ஆனால் ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பிய உணவுக் குறிப்புத் தாள் பாதி காலியாகவே திரும்பி வந்தது. எழுதியவர்களும் 'சாப்பாடு', 'டிபன்' என்று ஒரே சொல்லோடு விட்டுவிட்டார்கள். எங்கே தவறு?
- ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

படத்தில் ஆப்பிள் தனியாக இருக்கிறது, முட்டை தனியாக இருக்கிறது. சாப்பிடும் தட்டில் எல்லாம் கலந்து வருகிறது. நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. ஒரு சாண்ட்விச் படத்தைக் காட்டி, அதற்குள் இருக்கும் ரொட்டி, முட்டை, தக்காளி, வெண்ணெய் நான்கையும் தனித்தனிச் சீட்டாகக் கொடுங்கள். தானியம், காய், பழம், புரதம், பால் என்ற ஐந்து தொகுதிகளில் அவர்களே வைக்கட்டும்.

முட்டையைப் பலர் பாலோடு வைப்பார்கள். ஃப்ரிட்ஜில் இரண்டும் பக்கத்தில் இருப்பதால் வரும் குழப்பம் அது. "பாலில் செய்ததுதான் பால் தொகுதி" என்று நீங்கள் திருத்தினால், யாராவது ஒரு வாண்டு உடனே வெண்ணெயைத் தூக்கிக்கொண்டு வரும். நியாயமான கேள்விதான். வெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் பாலின் கொழுப்பு. எலும்புக்கு வேண்டிய கால்சியம் மிகக் குறைவு. அதனால் தட்டுக்கு வெளியே 'கொஞ்சமாக' என்று ஒரு சின்னக் கிண்ணம் வரைந்து, வெண்ணெய், மிட்டாய், பிஸ்கட்டை அதில் போடுங்கள். உருளைக்கிழங்கில் பெரியவர்களே ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் மைபிளேட் உணவு வழிகாட்டி அதைக் காயாக எண்ணியது. பிரிட்டனின் ஈட்வெல் வழிகாட்டி அரிசி, ரொட்டியோடு சேர்க்கிறது. மாவுச்சத்தே அதிகம் என்பதால் நான் தானியத்தோடு வைப்பேன். எதுவானாலும் வாரம் முழுக்க மாற்றாதீர்கள்.

இனி தாள். ஏழு நாள், நாளுக்கு நான்கு வேளை என்றால் 28 கட்டங்கள். ஏழு வயதுக்கு அவ்வளவு எழுத்து தாங்காது. கட்டத்துக்கு ஐந்து குட்டி வட்டங்கள் அச்சடியுங்கள், தொகுதிக்கு ஒரு நிறம். சாப்பிட்டதை நினைத்து வட்டத்துக்கு நிறம் தீட்டினால் போதும். 'கொஞ்சமாக' வகைக்கு ஓர் ஓரப் புள்ளி. காலை முட்டை ரொட்டியும் பாலும் என்றால் தானியம், புரதம், பால் மூன்றும் நிறம் பெறும். மதியம் சோறு, பீன்ஸ் பொரியல் என்றால் தானியமும் காயும். மாலை பிஸ்கட்டுக்குப் புள்ளி மட்டும். கோதுமைதானே என்று தானிய வட்டத்தைத் தீட்டுவார்கள், கவனியுங்கள்.

தாளை வீட்டுக்கு அனுப்பாமல், தினமும் காலையில் முதல் ஐந்து நிமிடம் வகுப்பிலேயே முந்தின நாளை நிரப்பச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போகட்டும். சனி, ஞாயிறைத் திங்களன்று கேட்டால் நினைவில் பாதி இருக்காது.

ஸ்டார், மதிப்பெண் எதுவும் வேண்டாம். கொடுத்தால் எல்லா வட்டமும் நிறைந்த தாள்கள்தான் வரும், டீச்சருக்குப் பிடிக்குமே என்று. சத்தமாக வாசிக்கவும் வேண்டாம். வீட்டில் என்ன வாங்க முடிகிறது என்பது பிள்ளையின் கையில் இல்லை. வட்டம் அளவைச் சொல்லாது: ஒரு துண்டு கேரட்டும் ஒரு கிண்ணம் கேரட்டும் அதில் ஒன்றுதான். ஆகவே 'தட்டில் பாதி காயும் பழமும்' என்பதை இந்தத் தாளை வைத்துச் சரிபார்க்க முடியாது. வாரக் கடைசியில் "காய் நிறம் எத்தனை நாள் வந்தது?" என்று அவரவர் தாளில் எண்ணச் சொல்லுங்கள். இரண்டு நாள்தான் என்றால், மூன்றாவது நாள் எந்த வேளையில் வைக்கலாம் என்று பிள்ளையே கட்டத்தைக் காட்டும்.