பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் ரயில் எப்போது, எங்கே முந்தும்?

கேள்வி: ஒரு ரயில் முன்னாடியே கிளம்பிடுது. பக்கத்துத் தண்டவாளத்துல வேகமான ரயில் கொஞ்ச நேரம் கழிச்சுக் கிளம்புது. எப்போ, எந்த இடத்துல முந்தும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வேகத்தைக் கூட்டணுமா, கழிக்கணுமா? சூத்திரம் போட்டாலும் விடை தப்பாவே வருது.

கழிக்க வேண்டும். இரண்டு ரயிலும் ஒரே திசையில் போகும்போது பின்னால் வருவது முன்னால் போவதை நெருங்கும் வேகம், இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். எதிரெதிராக வந்தால்தான் கூட்டல்.

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் வழியை வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். புறநகர் மின்சார ரயிலுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் அங்கே தனித்தனித் தடங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மின்சார ரயில் காலை 10:00 மணிக்குக் கிளம்பி, நின்று நின்று போவதையும் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 40 கி.மீ. போகிறது, எக்ஸ்பிரஸ் 10:15க்குக் கிளம்பி மணிக்கு 70 கி.மீ. போகிறது என்று எடுத்துக்கொள்வோம்.

முதலில் கேட்க வேண்டியது: எக்ஸ்பிரஸ் கிளம்பும் நொடியில் மின்சார ரயில் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறது? 15 நிமிடம் கால் மணி நேரம், ஆக 10 கி.மீ. இந்தப் பத்து கிலோமீட்டரைத்தான் எக்ஸ்பிரஸ் தின்று தீர்க்க வேண்டும். மணிக்கு 70 − 40 = 30 கி.மீ. வீதம் இடைவெளி குறைகிறது. 10 ஐ 30 ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு மணி நேரம், அதாவது 20 நிமிடம். எனவே முந்தும் நேரம் 10:35.

இடத்துக்கு, அந்த 20 நிமிடத்தில் எக்ஸ்பிரஸ் எவ்வளவு ஓடியிருக்கும் என்று பாருங்கள். மணிக்கு 70 என்றால் மூன்றில் ஒரு மணிக்கு 23.33 கி.மீ. ஆவடி வட்டாரம். இதோடு நிறுத்தாமல் மற்ற ரயிலை வைத்தும் ஒரு தடவை போட வேண்டும். மின்சார ரயில் 10:00 முதல் 10:35 வரை 35 நிமிடம் ஓடியிருக்கிறது; 40 × 35 ÷ 60 = 23.33 கி.மீ. இரண்டும் ஒரே எண்ணாக வந்தால்தான் விடை சரி. அரை நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதுதான், என் கணிப்பில், பெரும்பாலான தப்புகள் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம்.

“விடை தப்பாவே வருது” என்கிறீர்களே, அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கும். ஒன்று, 10 ÷ 30 என்று கால்குலேட்டரில் தட்டினால் வரும் 0.33ஐ 33 நிமிடம் என்று படிப்பது. அது 0.33 மணி, 60 ஆல் பெருக்கினால்தான் நிமிடம். 33 நிமிடம் என்று வைத்துச் சோதித்துப் பாருங்கள். 10:48க்கு எக்ஸ்பிரஸ் 38.5 கி.மீ.யில் இருக்கும், மின்சார ரயில் 32 கி.மீ.யில் இருக்கும். இரண்டும் ஒட்டவில்லை, தப்பு உடனே தெரிந்துவிடுகிறது. இன்னொன்று, இடத்தைக் கண்டுபிடிக்கும்போதும் வித்தியாச வேகத்தையே பெருக்கிவிடுவது. 30 × 20 ÷ 60 போட்டால் 10 கி.மீ. வரும். அது முந்தும் இடமல்ல, நாம் தொடங்கிய அதே இடைவெளிதான் சுற்றி வந்து நிற்கிறது. வித்தியாச வேகம் நேரத்தைக் கண்டுபிடிக்க மட்டும். நேரம் கிடைத்ததும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, தரையில் ஓடும் உண்மையான வேகத்துக்கு வந்துவிட வேண்டும்.

பாடப்புத்தகக் கணக்கு இங்கே முடிந்துவிடும். ஆனால் 10:35 என்ற விடையில் ரயில் ஒரு புள்ளியாகத்தான் இருக்கிறது. நிஜ ரயிலுக்கு நீளம் உண்டு. 12 பெட்டி மின்சார ரயில் ஏறக்குறைய 250 மீட்டர். எல்.எச்.பி. எனப்படும் புதுவகைப் பெட்டிகள் 22ம் ஒரு எஞ்சினும் உள்ள எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 550 மீட்டர். எக்ஸ்பிரஸின் மூக்கு மின்சார ரயிலின் வாலைத் தொடுவதில் தொடங்கி, எக்ஸ்பிரஸின் வால் மின்சார ரயிலின் மூக்கை விட்டு விலகுவது வரை முந்துதல்தான். அதற்கு இரண்டு நீளத்தையும் கூட்ட வேண்டும்: 800 மீட்டர். வேகத்தைக் கழித்து, நீளத்தைக் கூட்டுவது பலருக்கு முரணாகப் படும். நீளம் என்பது கடக்க வேண்டிய தூரம், அதனால் அது கூடுகிறது. எந்தத் திசையில் போனாலும் நீளம் கூட்டல்தான்.

மீட்டரில் பேசும்போது வேகமும் விநாடிக்கு மீட்டராக வேண்டும். 5/18 ஆல் பெருக்கினால், மணிக்கு 30 கி.மீ. விநாடிக்கு 8.33 மீட்டர் ஆகிறது. 800 ÷ 8.33 = 96 விநாடி. அதாவது முந்தி முடிக்கவே ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் எக்ஸ்பிரஸ் தரையில் ஏறக்குறைய 1.87 கி.மீ. ஓடிவிடும், மின்சார ரயில் 1.07 கி.மீ. ஓடியிருக்கும், வித்தியாசம் அந்த 800 மீட்டர். ஆகவே “எந்த இடத்தில்” என்பதற்கு ஒரு கம்பத்தைக் காட்ட முடியாது, கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டைத்தான் காட்ட முடியும்.

அந்தத் துண்டுக்குள் 10:35 எங்கே விழுகிறது? கிளம்பும்போது எதை எதோடு ஒன்றாக வைத்தோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு ரயிலின் மூக்கும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பியதாகக் கொண்டால், 10:35 என்பது மூக்கும் மூக்கும் சமமாகும் நொடி. எக்ஸ்பிரஸ் மூக்கு மின்சார ரயிலின் வாலைத் தொட்டது அதற்கு 30 விநாடி முன்னால், முழுக்க விலகுவது 66 விநாடி கழித்து, அதாவது 10:36:06க்கு. ஆனால் சென்ட்ரல் போன்ற முனையத்தில் தண்டவாளம் முட்டி நிற்கும் பக்கத்தில் இரண்டு ரயிலின் வாலும் சமமாக நின்றிருந்தால், எக்ஸ்பிரஸின் மூக்கு கிளம்பும் முன்பே 300 மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது 10:35 வாலும் வாலும் சமமாகும் நொடி. முந்துதல் 10:33:54க்கே தொடங்கி 10:35:30க்கு முடிந்துவிடும். கணக்கில் “முழுவதுமாகக் கடக்க” என்று இருந்தால் நீளம் வேண்டும். வெறும் “சந்திக்கும்” என்று இருந்தால் வேண்டாம்.

இனி, இந்தக் கணக்கில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது. வகுக்கும் எண் இரண்டு வேகத்தின் வித்தியாசம். அது சிறிதாக இருந்தால், வேகத்தில் செய்யும் சின்னப் பிழையும் விடையில் ஊதிப் பெருகும். எக்ஸ்பிரஸ் 70க்குப் பதில் 66 கி.மீ. வேகத்தில் வந்தால் முந்தும் இடம் 23.3லிருந்து 25.4 கி.மீ.க்கு நகரும். பெரிதில்லை. 50 கி.மீ. வேகத்தில் வந்தால் வித்தியாசம் 10 தான், ஒரு மணி நேரம் பிடிக்கும், திருவள்ளூரையும் தாண்டி 50 கி.மீ.யில் முந்தும். 45 ஆனால் விடை 90 கி.மீ. என்று வரும், அரக்கோணமே ஏறக்குறைய 69 கி.மீ.தான், ஆகவே மின்சார ரயிலின் ஓட்டம் முடிவதற்குள் முந்தவே முடியாது. சூத்திரம் இதைச் சொல்லாது, அது பாட்டுக்கு 90 என்று எண்ணைக் கொடுத்துவிடும். தடத்தின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் வேலை. 69 கி.மீ.க்குள் முந்த வேண்டுமென்றால் எக்ஸ்பிரஸின் வேகம் ஏறக்குறைய 47ஐத் தாண்ட வேண்டும்: மின்சார ரயிலுக்கு அந்தத் தூரத்துக்கு 1 மணி 43½ நிமிடம், அதில் 15 நிமிடம் போக மிஞ்சும் நேரத்துக்குள் எக்ஸ்பிரஸ் போய்ச் சேர வேண்டும்.

தாமதமும் இப்படித்தான் பெருகும். எக்ஸ்பிரஸ் ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் முந்தும் நேரம் ஒரு நிமிடம் மட்டும் தள்ளாது; 70/30 மடங்கு, அதாவது 2 நிமிடம் 20 விநாடி தள்ளும். இடம் 1.56 கி.மீ. தள்ளிப்போகும்.

கடைசியாக, சராசரி வேகம் மறைத்துவிடும் ஒன்று. மின்சார ரயில் 40 கி.மீ. வேகத்தில் சீராக ஓடுவதில்லை. ஓடும்போது 60ஐத் தொட்டு, ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கிறது. நிற்கும் 30 விநாடியில் நெருங்கும் வேகம் 30 அல்ல, முழு 70. அந்த அரை நிமிடத்தில் மட்டும் எக்ஸ்பிரஸ் 583 மீட்டர் நெருங்கிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயிலிடமிருந்து அதே தூரத்தைப் பிடிக்க, சராசரிக் கணக்குப்படி 70 விநாடி ஆகியிருக்கும். மின்சார ரயில் 60இல் ஓடும்போதோ வித்தியாசம் 10 தான், எக்ஸ்பிரஸ் நகர்வதே தெரியாது. அதனால் முந்துதல் பெரும்பாலும் ஏதாவது ஒரு நடைமேடையை ஒட்டித்தான் விழும். துல்லியம் வேண்டுமென்றால் கட்டத்தாளில் கிடையாக நேரம், செங்குத்தாகத் தூரம் வைத்து, மின்சார ரயிலுக்குப் படிக்கட்டு போன்ற கோடும் எக்ஸ்பிரஸுக்கு நேர்கோடும் வரையுங்கள். படியின் தட்டையான பகுதி நிறுத்தம். கோடுகள் வெட்டும் புள்ளியிலிருந்து கீழே இறங்கினால் நேரம், பக்கவாட்டில் போனால் இடம். ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் போடும் வரைபடமும் இதே அடிப்படையில்தான்.

விடையை ரயிலில் இருந்தே சரிபார்க்கலாம். மின்சார ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜன்னல் சட்டத்தின் ஓர் ஓரத்தைக் குறியாக வையுங்கள். எக்ஸ்பிரஸின் ஒரு பெட்டி இணைப்பு அந்த ஓரத்தைக் கடக்கும்போது விநாடியை எண்ணத் தொடங்கி, பத்துப் பெட்டி கடந்ததும் நிறுத்துங்கள். எல்.எச்.பி. பெட்டி ஒன்று இணைப்போடு ஏறக்குறைய 24 மீட்டர், ஆகப் பத்துப் பெட்டிக்கு 240. 29 விநாடி ஆனால் நெருங்கும் வேகம் விநாடிக்கு 8.3 மீட்டர், நாம் போட்ட அதே 30 கி.மீ. பழைய நீல நிற ஐ.சி.எஃப். பெட்டியாக இருந்தால் 22 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.