ஹேபியஸ் கார்பஸ்: பிடித்து வைத்திருப்பவரிடம் கேட்கப்படும் கேள்வி

கேள்வி: "யாரையாவது காவலில் வைத்த செய்தி வந்தால் 'ஹேபியஸ் கார்பஸ்' என்ற சொல்லும் கூடவே வருகிறது. இந்த லத்தீன் சொல்லுக்கு என்ன பொருள்? காவல் தொடர்பான செய்திகளில் மட்டும் இது ஏன் வருகிறது?"

'ஹேபியஸ்' என்றால் 'நீ வைத்திருக்க வேண்டும்'. 'கார்பஸ்' என்றால் 'உடல்'. சேர்த்துப் படித்தால் 'நீ உடலை வைத்திருக்க வேண்டும்' என்று வருகிறது. இப்படிப் படித்தால் ஒன்றும் புரியாது, சிலர் பிணத்தைப் பற்றிய பேச்சு என்றுகூட நினைத்துவிடுகிறார்கள். இது முழு வாக்கியம் அல்ல என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். இங்கிலாந்து நீதிமன்றங்கள் லத்தீனில் எழுதிய ஒரு நீண்ட கட்டளையின் நடுவிலிருந்து பிய்த்தெடுத்த இரண்டு சொற்கள் இவை. அந்தக் கட்டளையின் சாரம் இது: 'உன் காவலில் இருக்கும் இன்னாரின் உடலை, அவரைப் பிடித்த நாளையும் பிடித்து வைத்திருக்கும் காரணத்தையும் சேர்த்து, இன்ன நாளில் எங்கள் முன் வைத்திருக்க வேண்டும் என்று உனக்குக் கட்டளையிடுகிறோம்.'

உடல் என்றது உயிருள்ள ஆளைத்தான். தமிழில் 'ஆட்கொணர்வு மனு' என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். லத்தீன் தொடரைவிடத் தமிழ்த் தொடர் தெளிவானது. ஆனால் அதிலும் ஒரு பாதி விடுபட்டுப்போகிறது. ஆளைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, காரணத்தையும் கொண்டுவர வேண்டும்.

நான் வழக்கறிஞர். இத்தகைய மனுக்களை எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டளை யாரை நோக்கியது என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். அடைபட்டிருப்பவரிடம் நீதிமன்றம் எதையும் கேட்பதில்லை. பிடித்து வைத்திருப்பவரிடம்தான் கேட்கிறது. அடைபட்டிருப்பவர் குற்றவாளியா, நல்லவரா என்றும் கேட்பதில்லை. 'எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறாய்?' என்ற ஒன்றே கேள்வி. பதில் போதுமானதாக இருந்தால் அவர் மறுபடியும் காவலுக்குப் போவார். போதாது என்றால் அங்கேயே விடுவிக்கப்படுவார்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை 1771இல் லண்டனில் தொடங்கிய ஒரு வழக்கைக் கொண்டு சொல்கிறேன். ஜேம்ஸ் சாமர்செட் என்பவர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, வர்ஜீனியாவில், பின்னாளில் சுங்க அதிகாரியான சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவருக்கு விற்கப்பட்டவர். 1769இல் ஸ்டூவர்ட் அவரை இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். 1771 அக்டோபரில் சாமர்செட் அவரை விட்டு வெளியேறினார். நவம்பர் 26 அன்று ஆட்கள் அவரைப் பிடித்து, தேம்ஸ் நதியில் நின்றிருந்த 'ஆன் அண்ட் மேரி' என்ற கப்பலில் சங்கிலியிட்டு அடைத்தார்கள். கப்பல் ஜமைக்காவுக்குப் போக இருந்தது. அங்கே அவரை விற்றுவிடுவது திட்டம்.

சாமர்செட்டால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அவருடைய ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோராக நின்றவர்கள் போனார்கள். அடைபட்டவருக்காக வேறொருவர் வந்து கேட்கலாம் என்பது இந்த மனுவின் உயிரான விதி. அடைபட்டவரே வர வேண்டும் என்று சொன்னால் இந்த வழியே அடைந்துபோகும். தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு கட்டளை பிறப்பித்தார். அது எசமானர் ஸ்டூவர்ட்டின் பெயருக்குப் போகவில்லை, கப்பல் தலைவர் ஜான் நோல்ஸின் பெயருக்குப் போனது. அப்போது ஆள் யார் கையில் இருந்தாரோ அவரல்லவா பதில் சொல்ல வேண்டும்? அதனால் கப்பல் புறப்படுவதற்கு முன்பே, டிசம்பர் 9 அன்று, நோல்ஸ் சாமர்செட்டை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

காரணத்தை எழுத்தில் கொடுத்தார் நோல்ஸ்: இவர் ஸ்டூவர்ட்டின் அடிமை, ஜமைக்காவில் விற்பதற்காக என்னிடம் ஒப்படைக்கப்பட்டவர். இந்த எழுத்துப் பதிலை வைத்துத்தான் முழு வழக்கும் நடந்தது. அதில் சொன்னது உண்மையா என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அது இங்கிலாந்தின் சட்டத்தில் ஒருவரைப் பிடித்து வைக்கப் போதுமான காரணமா என்பதுதான் கேள்வி. மாதக்கணக்கில் வாதம் நடந்தது. அதுவரை சாமர்செட் பிணையில் வெளியே இருந்தார். 1772 ஜூன் 22 அன்று மான்ஸ்ஃபீல்டு தீர்ப்பளித்தார். அடிமைமுறை அவ்வளவு வெறுக்கத்தக்கது, வெளிப்படையாக இயற்றப்பட்ட ஒரு சட்டம் இருந்தாலொழிய அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. எனவே இவரை விடுவிக்க வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பு ஒரு மனிதரை விடுவித்தது. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் வர 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்கொணர்வுக் கட்டளை கண் முன்னால் நிற்கும் ஆளை மட்டும் பார்க்கும். கொள்கைகளை மாற்றுவது அதன் வேலை அல்ல.

கப்பல் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நீதிபதியால் பிறகு ஒன்றும் செய்ய இயலாமல் போயிருக்கும். காவல் செய்திகளில் இந்தச் சொல் அவசரத்தோடு வருவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. கட்டளை எட்டாத இடத்துக்கு ஆளைக் கொண்டுபோய்விடுவது, பிடித்து வைத்திருப்பவர்களின் மிகப் பழைய உத்தி. 1679இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய ஹேபியஸ் கார்பஸ் சட்டத்திலேயே இதற்கெதிரான விதி உண்டு: குடிமக்களைக் கடல் கடந்த சிறைகளுக்கு அனுப்பக் கூடாது. இருபது மைல் தூரத்துக்குள் இருந்தால் மூன்று நாளில் ஆளைக் கொண்டுவர வேண்டும் என்ற கெடுவையும் அதே சட்டம்தான் வைத்தது.

இதே உத்தி நம் காலத்தில் க்யூபாவிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவான்டானாமோவில் திரும்ப வந்தது. 2002 ஜனவரி முதல் அங்கே ஆட்களை அடைத்த அமெரிக்க அரசு, அது அமெரிக்க மண் அல்ல, எனவே அங்கிருக்கும் வெளிநாட்டவருக்காக அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தக் கட்டளையைப் பிறப்பிக்க முடியாது என்று வாதிட்டது. போஸ்னியாவில் பிடிபட்டு அங்கே கொண்டுபோகப்பட்ட லக்தார் பூமெதியனின் வழக்கில், 2008 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளியது. அந்த இடத்தை நடைமுறையில் முழுமையாக ஆள்வது அமெரிக்காதான், ஆகவே கேள்வி அங்கேயும் செல்லும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் கீழ் நீதிமன்ற நீதிபதி அரசு காட்டிய காரணத்தைப் பரிசீலித்துப் போதாது என்றார். 2009 மே மாதம் பூமெதியன் பிரான்ஸுக்குப் போனார். காரணத்தைக் கேட்க ஏழாண்டு, கேட்டபின் விடுதலைக்குச் சில மாதங்கள்.

குடியேற்றத் தடுப்பு முகாம்களைப் பற்றிய அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும்போது, ஒருவரை இரவோடிரவாக வேறு மாநிலத்துக்கு மாற்றியதை ஏன் இவ்வளவு பெரிதாக எழுதுகிறார்கள் என்று தோன்றியிருக்கலாம். அங்கே பொதுவாக, ஆள் அடைபட்டிருக்கும் வட்டாரத்து நீதிமன்றத்தில்தான் இந்த மனுவைப் போட வேண்டும். 2025 ஏப்ரலில் வெனிசுவேலா நாட்டவர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதும் தெரியாது.

எல்லாக் கைதுச் செய்திகளிலும் இது வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஒருவரைக் கைது செய்து, நீதிபதி முன் நிறுத்தி, நீதிபதியின் உத்தரவோடு சிறையில் வைத்தால், காரணம் ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. அங்கே வழக்கமான வழி ஜாமீன். விசாரணையே இல்லாத தடுப்புக்காவல், நீதிபதியிடம் காட்டாமல் வைத்திருப்பது, வீட்டுக்குள் ஒருவரைப் பூட்டி வைப்பது, ஆளையே காணவில்லை என்ற நிலை ஆகியவற்றில்தான் ஹேபியஸ் கார்பஸ் முன்னுக்கு வருகிறது.

இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கொடியது. சாமர்செட் வழக்கில் நோல்ஸ் 'ஆம், என்னிடம் இருக்கிறார்' என்று ஒப்புக்கொண்டார். 'அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை' என்று பதில் வந்தால் என்ன செய்வது? அந்தப் பதிலை நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பிடித்ததைப் பார்த்தவர்களையும் கூட அடைபட்டிருந்தவர்களையும் விசாரித்து, எது நம்பத்தக்கது என்று தீர்மானிக்கலாம்.

கேரளத்தில் அது நடந்தது. கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று காவல்துறையால் பிடித்துச் செல்லப்பட்டார். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் அலையாத இடமில்லை. நெருக்கடி நிலை நீடிக்கும்வரை ஆட்கொணர்வு மனு கேட்கவே முடியாது என்று அந்த ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். எனவே 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை விலக்கப்பட்ட பிறகே தந்தையால் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. அவர் பிடிபட்டதைப் பார்த்தவர்களும் காவல்துறை முகாமில் அவரைப் பார்த்தவர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். அரசுத் தரப்பின் மறுப்பை நீதிமன்றம் நம்பவில்லை. அவர் காவலில் இருந்தார் என்று தீர்மானித்து, ஏப்ரல் 21 அன்று கொண்டுவந்து நிறுத்தும்படி உத்தரவிட்டது.

யாரும் வரவில்லை. ராஜன் காவலிலேயே இறந்துபோனார் என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. அவர் பிடிபட்ட காலத்தில் உள்துறையைக் கவனித்திருந்த கே. கருணாகரன், அந்த ஏப்ரல் மாதமே முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 'உடலைக் கொண்டு வா' என்ற கட்டளைக்கு இன்றுவரை பதில் இல்லை. ராஜனின் உடல் தந்தைக்குக் கிடைக்கவே இல்லை.