ஆரோன் ஆசாரியரா, நபியா?

"குன்னூரில் டியூஷன் எடுக்கிறேன். ஆரோன் ஆசாரியர் என்கிறாள் ஒரு பிள்ளை, ஹாரூன் நபி என்கிறான் இன்னொருவன். யாருக்கு மார்க் போட?"

இரண்டு பேருக்கும் போடுங்கள் டீச்சர், ஆரோனும் ஹாரூனும் ஒருவரே. யூதர்களின் வேதமான தோராவில் ஆரோன்தான் முதல் தலைமை ஆசாரியர், பலி செலுத்துவதும் மக்களை ஆசீர்வதிப்பதும் அவர் வேலை, அவருக்குப் பிறகு அது மகன்களுக்குப் போகும். ஆனால் யாத்திராகமம் 7:1 அவரையே மோசேயின் தீர்க்கதரிசி என்கிறது, சரளமாகப் பேச வராத தம்பிக்காகப் பார்வோன் முன் பேசியவர் அவர்தானே! குர்ஆன் 19:53 அவரை நபி என்று மட்டும் சொல்கிறது. இஸ்லாத்தில் ஆசாரியர் பதவியே கிடையாது. உங்கள் ஊர் இமாம் தொழுகையை முன்நின்று நடத்துபவர், பலியிடுபவர் அல்ல.

பிள்ளைகளுக்கு ஆமோஸ் 7ஆம் அதிகாரத்தைச் சொல்லுங்கள். பெத்தேல் அரசனின் கோயில், அங்கே ஆசாரியர் அமத்சியா. அரசனைக் கண்டித்துப் பேசிய ஆமோஸை அவர் யூதாவுக்கு ஓடிப்போகச் சொல்கிறார். ஆமோஸோ, நான் மந்தை மேய்த்தவன், காட்டத்திப்பழம் பார்த்தவன், கர்த்தர்தான் கூப்பிட்டார் என்கிறார். ஆசாரியருக்கு வம்சம் வேண்டும், தீர்க்கதரிசிக்கு அழைப்பு போதும். அதற்காக இருவரும் எப்போதும் எதிரிகள் என்று எழுதிப் போடாதீர்கள், எசேக்கியேல் ஆசாரியர் குடும்பத்தவர். அப்புறம் இயேசு யூதா கோத்திரம், ஆசாரியர்கள் வரும் லேவி கோத்திரம் அல்ல. அதனால்தான் எபிரெயர் நிருபம் அவரை, லேவி வம்சத்துக்கு முன்பே ஆசாரியராக இருந்த மெல்கிசேதேக்கின் முறையில் வந்த ஆசாரியர் என்கிறது.