சந்தித்த மறுநாள் அனுப்பும் மெசேஜ்

அன்புள்ள அக்காவுக்கு,

ஹலசூருவில் இருக்கிறேன், ஐடி வேலை. டேட்டிங் ஆப்பில் பழக்கமான, ஒயிட்ஃபீல்டு பக்கம் பிஜியில் தங்கியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை நேற்று சர்ச் ஸ்ட்ரீட்டில் முதல்முறையாகச் சந்தித்தேன். காபி, புத்தகக் கடை என்று நேரம் போனதே தெரியவில்லை. அவருக்கு நாடகம் பிடிக்குமாம். டிராஃபிக்கில் மாட்டி, ரங்கசங்கரா நாடக அரங்குக்குத் தாமதமாகப் போய், உள்ளே விடாமல் திரும்பி வந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். கிளம்பும்போது "பார்க்கலாம்" என்றார். ஆனால் வீட்டுக்குப் போனதும் பில்லில் பாதியை ஜிபேயில் அனுப்பிவிட்டார். பிடிக்கவில்லையோ? மூன்று நாள் கழித்து மெசேஜ் போடு என்கிறார்கள் நண்பர்கள். நான் எழுதி வைத்திருப்பது இது:

"ஹாய், நேத்து ரொம்ப நல்லா இருந்தது. நான்தான் ரொம்பப் பேசி போரடிச்சுட்டேன்னு நினைக்கிறேன், சாரி. உங்களுக்கு எப்படி இருந்தது? என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? அடுத்த சனி ஃப்ரீயா? இல்ல ஞாயிறு? வார நாள்னா நானே உங்க பிஜி வாசல்ல வந்து பிக்கப் பண்ணிக்கிறேன். பிஸின்னா பரவாயில்ல, ரிப்ளை பண்ண வேண்டாம். வெயிட் பண்றேன்."

அனுப்பலாமா?

பெயர் வேண்டாம், பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுக்குத் தனியாக அன்றே சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டேன். உங்கள் அனுமதியோடு, சில அடையாளங்களை மாற்றி, இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஜிபே. பெங்களூரில் வேலைக்குப் போகும் பெண் பாதிப் பணம் அனுப்புவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் நிச்சயம்: காபிக்குப் பாதிக் காசு கொடுத்துவிட்டார். அதைத் திருப்பி அனுப்பாதீர்கள். அங்கேயே ஒரு ரூபாய் அனுப்பிக் குறிப்பு எழுதுவதும் வேண்டாம். மூன்று நாள் காத்திருக்கும் விஷயத்தையும் விடுங்கள். மறுநாள் காலைக்கும் மாலைக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். இரவு பதினொன்றரைக்கு வருகிற அதே வரிகள் வேறு மாதிரித் தொனிக்கும், அதை மட்டும் தவிருங்கள்.

இனி உங்கள் மெசேஜ். உங்கள் பயம், அவருக்குத் தொல்லையாகிவிடக் கூடாது என்பது. அதனால் பணிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். "போரடிச்சுட்டேன், சாரி" என்றால் அவர் "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல" என்று உங்களைச் சமாதானப்படுத்தியாக வேண்டும். "என்ன நினைக்கிறீங்க" என்றால் ஒரே ஒரு மாலைப் பழக்கத்தை வைத்து உங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சனியா, ஞாயிறா, வார நாளா என்று எல்லாக் கதவையும் திறந்து வைத்தால், வர விருப்பமில்லாதவர் மூன்றுக்கும் மூன்று காரணம் தேட வேண்டும். பணிவாகத் தெரிகிற ஒவ்வொரு வரியும் அவர் தலையில் ஒரு வேலையை ஏற்றுகிறது.

பிஜி வாசல் வரி கண்டிப்பாகப் போக வேண்டும். நீங்கள் உதவியாக நினைத்துச் சொன்னது புரிகிறது. ஒரு முறை மட்டும் பார்த்த ஆண் தன் வாசலுக்கு வருகிறேன் என்றால், தனியாகத் தங்கியிருக்கும் பெண்ணுக்கு அது வேறாகத்தான் கேட்கும். இரண்டாம் முறையும் பொது இடத்திலேயே சந்தியுங்கள்.

கடைசி இரண்டு வரிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ரிப்ளை பண்ண வேண்டாம், ஆனால் வெயிட் பண்றேன்! முதல் பாதியை அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? பதில் வராது. அது மறுப்பா, வேலை மும்முரமா என்று தெரியாமல் நீங்கள் நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அழுத்தம் தராமல் இருப்பதற்கு மழுப்பத் தேவையில்லை. தெளிவாக ஒன்றைக் கேட்டால்தான் எதிரில் இருப்பவருக்கு "இல்லை" என்று சொல்வதுகூட எளிது. "எப்பவாவது பார்க்கலாம்" என்பதற்கு யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது, அதுதான் அதில் உள்ள சிக்கல்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நேத்து உங்களோட பேசிட்டு இருந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. ரங்கசங்கரா கதவு மூடின கதைய நினைச்சு மெட்ரோல தனியா சிரிச்சிட்டு வந்தேன். உங்களை இன்னொரு தடவ பார்க்கணும்னு ஆசை. வர்ற ஞாயிறு மதியம் அங்க ஒரு நாடகம் இருக்கு, சேர்ந்து போலாமா? விருப்பம் இல்லன்னா அப்படியே சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

முதல் வரியில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறீர்கள், அவருக்கு எப்படி இருந்தது என்று விசாரிக்கவில்லை. இரண்டாவது வரி, நீங்கள் காது கொடுத்துக் கேட்டீர்கள் என்று காட்டுகிறது. இதே மெசேஜை வேறொருவருக்கு அனுப்ப முடியாது, கதகதப்பு அங்கிருந்துதான் வருகிறது. "உங்க கண்ணு ரொம்ப அழகு" என்பதைவிட இது பல மடங்கு நல்லது. மூன்றாவது வரியில் ஒளிவு மறைவு இல்லை. இது நண்பராகக் கூப்பிடுவதா, வேறா என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை. அப்புறம் ஒரு நாள், ஒரு இடம், ஒரு கேள்வி.

மதியக் காட்சி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவர் ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அங்கிருந்து ரங்கசங்கரா இருக்கும் ஜே.பி. நகருக்கு மெட்ரோ பர்ப்பிள் லைனில் வந்து, மெஜஸ்டிக்கில் கிரீன் லைன் மாறி, அப்புறம் ஆட்டோ பிடிக்க வேண்டும். இரவுக் காட்சி முடிந்து அந்தத் தூரம் தனியாகத் திரும்புவது யாருக்குமே யோசனைதான். அந்த வாரம் மதியக் காட்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் கப்பன் பார்க் நடை போதும். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிட்டுக் கேட்காதீர்கள். காசு போட்டாயிற்று என்று தெரிந்தால் மறுக்கச் சங்கடப்படுவார்.

கடைசி வரியை, அது உண்மையாக இருந்தால் மட்டும் வையுங்கள். மறுத்தால் மனம் கசந்து நாலு கேள்வி கேட்பீர்கள் என்றால் எடுத்துவிடுங்கள்.

"இந்த ஞாயிறு முடியாது, அடுத்த வாரம்?" என்று வந்தால் கவலையே இல்லை. "இந்த வாரம் கொஞ்சம் பிஸி" என்று மட்டும் வந்து வேறு நாள் எதுவும் வரவில்லையென்றால், "சரி, உங்களுக்குத் தோதுப்படும்போது சொல்லுங்க" என்று பதில் போட்டுவிட்டுப் பந்தை அவரிடம் விட்டுவிடுங்கள். அவர் நிஜமாகவே பிஸியாக இருந்தால் அவரே கூப்பிடுவார்.

பதிலே வராவிட்டால்? நாலைந்து நாள் கழித்து ஒரே ஒரு வரி அனுப்பலாம் என்பது என் கட்சி. என் தோழிகள் சிலர் அதுவும் கூடாது என்பார்கள். அந்த ஒரு வரியிலும் "மெசேஜ் பார்க்கலையா?" என்று கணக்குக் கேட்கக் கூடாது. "ஞாயிறு நாடகத்துக்கு நான் போறேன், வரணும்னு தோணினா சொல்லுங்க" என்பது போதும். அதற்கும் மௌனம் என்றால் அதுதான் பதில். இன்ஸ்டாகிராமில் பழைய போட்டோக்களுக்கு லைக் போடுவது, லிங்க்ட்இனில் எட்டிப் பார்ப்பது, பொதுவான நண்பரிடம் தூது விடுவது எல்லாம் அதே கேள்வியைக் கொல்லைப்புறமாகக் கேட்பதுதான்.

விருப்பமில்லை என்று நேராகச் சொல்லிவிட்டால், அன்றே "நேரா சொன்னதுக்கு நன்றி. உங்களைச் சந்திச்சதுல சந்தோஷம்" என்று எழுதுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா