மச்சான் வீட்டுக்குப் போனதாகச் சொன்ன ஒரு வரி

கேள்வி: ஐயா, எனக்கு வயது 30. மார்த்தாண்டத்தில் ஒருவர் பெரிய ஆன்லைன் நிறுவனத்திடம் ஒப்பந்தம் எடுத்து நடத்தும் பார்சல் ஹப்பில் இரண்டரை ஆண்டுகள் டெலிவரி வேலை செய்தேன். காலை ஏழரைக்கு ஆஜராக வேண்டும். எந்த வழித்தடம் என்பதைப் பொறுப்பாளர் முடிவு செய்வார். சொல்லாமல் லீவு எடுத்தால் 500 ரூபாய் பிடிப்பார்கள். பார்சலுக்கு 14 ரூபாய். மாதம் சுமார் 22,000 வரும். பைக்கும் பெட்ரோலும் என்னுடையவை. 2025 அக்டோபரில் மழையில் திருவட்டார் அருகே நாய் குறுக்கே வந்து விழுந்தேன். வலது காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். பைக் இன்சூரன்ஸ் கிடைக்க வேண்டும் என்று, மச்சான் வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்ததாக மருத்துவமனையில் சொல்லும்படி பொறுப்பாளர் கூறினார், அப்படியே சொன்னோம். அந்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. முதலாளி ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. என் ஐடியையும் முடக்கிவிட்டார்கள். "நீ டெலிவரி பார்ட்னர், ஊழியர் அல்ல" என்று சொல்லி, 40,000 ரூபாய் தருகிறோம், கையெழுத்துப் போடு என்கிறார்கள். புதிய சட்டத்தில் டெலிவரி ஊழியர்களுக்கு எல்லாம் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், கருங்கல்

பதில்: முதலாளி வந்து பார்க்காததும் ஐடியை முடக்கியதும் வருத்தம்தான். ஆனால் அவற்றுக்கு, வேலை விபத்து இழப்பீட்டை விசாரித்து முடிவு செய்யும் ஆணையர் முன் ஒரு ரூபாய்கூடப் பெயராது. ஐடி முடக்கத்தைப் பணிநீக்கம் என்று சொல்லித் தனி வழக்கு நடத்தலாம் என யாராவது ஆசை காட்டினால், இப்போது அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் கடிதத்தில் பாதி வாக்கியத்தில் சொல்லிக் கடந்துபோன விஷயம்தான் இந்த வழக்கின் உயிர்: மச்சான் வீடு. அதற்கு வருகிறேன்.

முதலில் "பார்ட்னர்" என்ற பட்டம். அந்தத் தாளைக் கண்டு பயப்பட வேண்டாம். உங்கள் விபத்துக்குப் பொருந்துவது 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். ஊழியர் தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஊழியருக்குத்தான். ஆகவே கேள்வி மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வரும்: உண்மையில் நீங்கள் யாருக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தீர்கள்?

செகந்திராபாத் தையல் கடை ஒன்றின் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. அங்கே தையல்காரர்களுக்குத் துணிக் கணக்கில் கூலி. வருவதற்கும் போவதற்கும் நேரக் கட்டாயம் இல்லை. ஆனாலும் தைத்தது சரியில்லை என்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரரிடம் இருந்தது. அவர்கள் ஊழியர்கள்தான் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் நிலை அதைவிட வலுவானது. உங்களுக்கு நேரம் உண்டு, வழித்தடம் உண்டு, லீவுக்கு அபராதம் உண்டு. மரக்கணக்கில் கூலி வாங்கும் ரப்பர் வெட்டுத் தொழிலாளியை நம் ஊரில் யாரும் காண்டிராக்டர் என்று அழைப்பதில்லை. பார்சல் கணக்கும் அப்படித்தான். எதிர்த்தரப்பு பிடிக்கப்போகும் கொம்பு ஒன்று உண்டு: தையல் மெஷின் கடைக்காரருடையது, பைக்கோ உங்களுடையது. அது உங்களைக் கொஞ்சம் பலவீனப்படுத்தும், ஆனால் வீழ்த்தாது.

புதிய சட்டம் என்று நண்பர்கள் சொல்வது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. அது 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் விழுந்தது அதற்கு முன். அதைவிட முக்கியம், அந்தத் தொகுப்பில் கிக் தொழிலாளி என்பவர் வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்றுதான் வரையறை இருக்கிறது. அவர்களுக்காக நிறுவனங்கள் விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் நிதிக்குச் செலுத்த வேண்டும். அந்த நிதியிலிருந்து நலத்திட்டங்கள் வரும். விபத்து இழப்பீடு கேட்கும் ஊழியர் உரிமை வேறு. "நான் கிக் தொழிலாளி" என்று மனுவில் எழுதினால், "நான் ஊழியர் அல்ல" என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். உணவு ஆப்பில் தன் விருப்பப்படி லாகின் செய்து ஓட்டும் பையன்களுக்கு அந்தப் பாதை பொருந்தலாம். ஏழரைக்கு ஆஜராகும் உங்களுக்கு அது இறக்கம்.

சரி, மச்சான் வீடு.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊழியர் என்று நிரூபித்தால் மட்டும் போதாது. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் விபத்து நடந்திருக்க வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் "உறவினர் வீட்டுக்குச் செல்லும் வழியில்" என்று இருக்கும். விபத்து நடந்த சில மணி நேரத்துக்குள் உங்கள் வாயிலிருந்தே வந்த சொல் அது. நான் பார்த்த இத்தகைய வழக்குகளில் "பார்ட்னர்" ஒப்பந்தத்தால் தோற்றவர்கள் குறைவு. இந்த ஒரு வரியால் தோற்றவர்கள்தான் அதிகம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒப்பந்தத்தைத் தொடவே மாட்டார். பதிவேட்டின் நகலை நீட்டி, "இது நீங்கள் சொன்னதுதானே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இவ்வளவும் எதற்காக? தனிப்பட்ட உபயோகத்துக்கான இருசக்கர வாகன பாலிசியில், வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ பயன்படுத்தினால் பொருந்தாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். அதைத் தாண்டத்தான் பொறுப்பாளர் அந்த யோசனையைச் சொன்னார். அதனால் கிடைக்கப்போவது பைக் பழுது பார்க்கும் செலவு மட்டுமே. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும், கை கால் அல்லது கண் இழப்புக்கும், நிரந்தர முழு ஊனத்துக்கும்தான். எலும்பு முறிவுக்கு அதில் ஒன்றும் இல்லை. எதிரே வந்த வண்டி மோதியிருந்தால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம். அங்கே நீங்கள் ஊழியரா பார்ட்னரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாய்க்கு இன்சூரன்ஸ் கிடையாது.

இழக்க இருந்தது எவ்வளவு என்று பாருங்கள். இந்தச் சட்டத்தில் மாத ஊதியம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே பெட்ரோலுக்கு ஆறாயிரம் கழிக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டாலும் உங்களுக்கு நட்டமில்லை. அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கு அட்டவணையில் உள்ள பெருக்கு எண் 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. உங்கள் சம்பாதிக்கும் திறனில் 15 சதவீதம் குறைந்ததாக மருத்துவர் மதிப்பிட்டால், சுமார் 2,80,000 ரூபாய். உண்மையான மருத்துவச் செலவு தனி. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் உண்டு. ஒரு பைக்கின் ஹெட்லைட்டுக்கும் போர்க்குக்கும் இதைப் பணயம் வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே நிலுவையில் இருக்கும் பைக் இன்சூரன்ஸ் மனுவை உடனே எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெறுங்கள். அங்கே சொந்தப் பயணம், இங்கே டெலிவரி என்று இரண்டு கதையை ஒரே மனிதன் சொல்ல முடியாது. பதிவேட்டு வரியை அழிக்கவும் முடியாது. யாராவது திருத்தித் தருகிறேன் என்றால் அது வேறு குற்றம். செய்யக்கூடியது, மனுவிலேயே முதல் பக்கத்தில், யார் சொல்லி ஏன் அப்படிச் சொன்னோம் என்று நீங்களே சொல்லிவிடுவது. எதிராளி எடுத்து வைக்கும் முன் நாம் எடுத்து வைத்தால் அதன் விஷம் பாதி இறங்கிவிடும்.

மீதிப் பாதியை இறக்கப் பொருள் சாட்சி வேண்டும். விழுந்தபோது பையில் எத்தனை பார்சல் மிச்சம் இருந்தது? அவற்றை ஹப்புக்குத் திரும்பக் கொண்டுபோனது யார்? அந்தப் பையனின் சாட்சியம், பத்து ஒப்பந்தப் பத்திரத்தை விட எனக்குப் பெரிது. மச்சான் வீட்டுக்குப் போகிறவன் ஊராருடைய பார்சலைச் சுமந்துகொண்டு போவதில்லை. அன்று கடைசியாகப் பார்சல் கொடுத்த வீட்டுக்காரருக்குப் போன அழைப்பு, வாட்ஸ்அப் குழுவில் வழித்தடம் பிரித்த செய்தி, லீவுக்குப் பிடித்த 500 ரூபாய் தெரியும் வாரக் கணக்கு, வங்கியில் வரவான பணம்: எல்லாவற்றையும் இன்றே பிரதி எடுங்கள். ஐடியை முடக்கியவர்கள் அடுத்து உங்களை வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்குவார்கள்.

பெரிய நிறுவனத்தைப் பிடிக்கலாம் என்ற கனவு உங்களுக்கு இருந்தால் அதையும் கலைத்துவிடுகிறேன். தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த முதன்மை நிறுவனமும் பொறுப்பு என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவின் கடைசி உட்பிரிவு, அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இடத்திலோ அதை ஒட்டியோ நடக்காத விபத்துக்கு இது பொருந்தாது என்கிறது. திருவட்டார் சாலை அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லை. மனுவில் அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்போம். ஆனால் பணம் வரும் என்று நம்ப வேண்டியது மார்த்தாண்டத்துக்காரரிடமிருந்துதான்.

அதனால்தான் சமரசம் செய்யச் சொல்கிறேன். ஹப் எடுத்து நடத்துபவரிடம் பொதுவாக இருப்பது வாடகைக் கட்டிடமும் கடனில் வாங்கிய வண்டியும்தான். தீர்ப்பை நில வரிப் பாக்கி போல வசூலிக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அவர் ஹப்பை மச்சினன் பெயருக்கு மாற்றிவிட்டால், நீங்கள் தாலுகா அலுவலகத்தில் தவம் கிடக்க வேண்டும். பதிவேட்டு வரி வேறு உங்கள் தலைமேல் தொங்குகிறது. இரண்டையும் சேர்த்து எடைபோட்டால், ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் கையில் கிடைத்தால் நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். நாற்பதாயிரத்துக்கு அல்ல, அதுவும் இப்போது அல்ல. எலும்பு கூடி, ஊன சதவீதத்தை மருத்துவர் எழுதித் தரும்வரை எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள். இழப்பீட்டு மனு போடுவதற்கான இரண்டு ஆண்டு வரம்பு 2027 அக்டோபரில் முடிகிறது. அதற்காகக் கடைசி மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

சமரசம் ஆனால் ஆணையரிடம் பதிவு செய்த உடன்பாடாகத்தான் இருக்க வேண்டும். தொகை போதாது என்றாலோ மிரட்டி வாங்கியது என்றாலோ அவர் பதிவை மறுக்கலாம். உங்களுக்கு அது காவல். முதலாளிக்கும் இதில் லாபம் உண்டு, அதை அவரிடம் சொல்லுங்கள்: பதிவாகாத உடன்பாட்டில் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் பிற்பாடு கழித்துக்கொள்ள, ஆணையர் வேறு விதமாகச் சொன்னால் ஒழிய, 29ஆம் பிரிவு அவரை விடாது. முழு இழப்பீட்டுப் பொறுப்பும் அப்படியே நிற்கும். டீக்கடை மேசையில் நாற்பதாயிரத்தை எண்ணி வைத்துவிட்டுத் தப்பித்தோம் என்று நினைக்கிற முதலாளிகளிடம் இந்தப் பிரிவை வாசித்துக் காட்டினால் பேச்சின் தொனியே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனம், தம்பி. அவர்கள் நீட்டும் தாளில் "சுயாதீன ஒப்பந்ததாரராகப் பணிபுரிந்தேன்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். தொகை சரியாக இருந்தாலும் அந்த வரியை அடித்த பிறகே பேனாவைத் திறக்கவும்.